ஃபுடோஷிகி: குறிய சங்கிலியா கோர்த்து போடுறது எப்படி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுடோக்கு நல்லா போடுவேன், இது அதுலேருந்து எப்படி வேற?

பெரும்பாலும் 5க்கு 5 கட்டம். குறுக்க ஒவ்வொரு வரிசைலயும் 1லேருந்து 5 வரைக்கும் ஒரு தடவ தான் வரணும், மேலேருந்து கீழ போற ஒவ்வொரு நெடுக்குலயும் அதே மாதிரி. சுடோக்குல இருக்குற உள் பெட்டி இங்க கிடையாது. அதுக்கு பதிலா பக்கத்து பக்கத்து கட்டத்துக்கு நடுவுல சில எடத்துல > < குறி இருக்கும், அந்த ரெண்டு கட்டத்துல எது பெருசுன்னு அது சொல்லும். ஃபுடோஷிகின்னாலே ஜப்பான் மொழில சமனிலின்னு தான் அர்த்தம், 2001ல தமாகி செட்டோங்குறவர் உருவாக்குனது.

ஆனா நிஜமான வித்தியாசம் வேற எடத்துல இருக்கு. சுடோக்குல நம்பர் வெறும் அடையாளம் தான், 1 முதல் 9 வரைக்கும் எடுத்துட்டு அ ஆ இ ஈன்னு போட்டாலும் புதிர் மாறாது. இங்க அப்படி பண்ண முடியாது, 4ங்குறது 3ஐ விட பெருசுங்குற விஷயம் தான் உங்களுக்கு கிடைக்கிற துப்பே. அதனால சுடோக்குல பழகுன கண்ணு இங்க மொதல்ல தடுமாறும், "இந்த வரிசைல எந்த நம்பர் இல்ல"ன்னு தேட ஆரம்பிச்சுடுவோம், தேட வேண்டியது அது இல்ல.

ஒரே ஒரு நம்பர் தான் குடுத்திருக்கு, மத்ததெல்லாம் காலி. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

நம்பர விடுங்க, நீளமான சங்கிலி எங்க இருக்குன்னு பாருங்க. ஒரு குறி முடியுற கட்டத்துலேருந்து அதே திசைல இன்னொரு குறி கெளம்புனா அது சங்கிலி. ஒரு கட்டத்த விட இன்னொன்னு சின்னது, அத விட இன்னொன்னு சின்னதுன்னு படிக்கட்டு மாதிரி இறங்கிட்டே போகும். சங்கிலி நேரா தான் போகணும்னு இல்ல, ஒரு கட்டத்துல கீழ இறங்கி அப்புறம் வலது பக்கம் திரும்பலாம், அப்பவும் ஒண்ணுக்கு ஒண்ணு சின்னதாகிட்டே தான் போகுது, அதனால முழுசா எண்ணிக்கலாம். நெறைய பேர் ஒரே வரிசைக்குள்ள இருக்குற குறிய மட்டும் எண்ணிட்டு திரும்புற எடத்துல விட்டுடுறாங்க, அங்க தான் பாதி துப்பு போயிடுது.

எண்ணுற முறை இது தான். ஒரு கட்டத்துக்கு கீழ சங்கிலில எத்தன படி இருக்குன்னு எண்ணி ஒண்ணு கூட்டுனா அந்த கட்டத்தோட கொறஞ்ச நம்பர். மேல எத்தன படி இருக்குன்னு எண்ணி 5லேருந்து கழிச்சா அதிகபட்ச நம்பர். நாலு கட்ட சங்கிலின்னா அடி கட்டத்துக்கு மேல மூணு படி இருக்கு, அதனால அது 1 இல்லனா 2. அடுத்தது 2 இல்லனா 3, அதுக்கும் மேல 3 இல்லனா 4, உச்சி 4 இல்லனா 5. ஒரு நம்பர் கூட போடாம நாலு கட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே வாய்ப்பா கொறஞ்சுடுச்சு பாருங்க. அஞ்சு கட்ட சங்கிலி கெடச்சா கேக்கவே வேணாம், 5 4 3 2 1ன்னு எழுதிட்டு போயிடலாம்.

நாலு கட்ட சங்கிலில இன்னொரு கொணமும் உண்டு. உச்சில 5 வர முடியாதுன்னு எப்படியோ தெரிஞ்சா உச்சி 4, அப்ப அதுக்கு கீழ 3, 2, 1ன்னு மொத்தமும் விழுந்துடும். அடில 1 வர முடியாதுன்னு தெரிஞ்சா அடி 2, மேல 3, 4, 5ன்னு மொத்தமும் ஏறிடும். மாறா உச்சில 5ன்னு தெரிஞ்சா ஒண்ணுமே நடக்காது, மத்த மூணும் அப்படியே ரெண்டு ரெண்டு வாய்ப்போட நிக்கும். அதனால சங்கிலிய கண்டுபிடிச்சதும் அடுத்து கேக்க வேண்டிய கேள்வி "உச்சியோட வரிசைலயோ நெடுக்குலயோ 5 எங்கயாவது இருக்கா, அடியோட வரிசைலயோ நெடுக்குலயோ 1 இருக்கா" இது ரெண்டு தான்.

குறி எந்த பக்கம் பெருசுன்னு எனக்கு அடிக்கடி குழம்புது, முக்கியமா மேல கீழ இருக்குறது

வாய் தொறந்த பக்கம் பெருசு, கூரான பக்கம் சிறுசு, ஸ்கூல்ல முதலை வாய்னு சொல்லி குடுத்தது தான். குறுக்க இருக்குறப்ப யாருக்கும் தப்பாது, நெடுக்குல ^ இல்ல v வரும்போது தான் தப்பும், ஏன்னா ^ பாத்தா அம்புக்குறி மேல காட்டுற மாதிரி இருக்கும், "மேல தான் பெருசு"ன்னு மனசு சொல்லும். உண்மை அதுக்கு நேர் எதிர், கூர்முனை மேல பாக்குதுன்னா மேல் கட்டம் சின்னது. நான் ஒரு சண்டே முழுக்க ஒரு புதிர்ல மாட்டிக்கிட்டு நின்னதுக்கு காரணம் ஒரே ஒரு ^ குறிய தலைகீழா படிச்சது தான், அதுலேருந்து பேப்பர்ல போடும்போது ஆரம்பத்துலயே ஒவ்வொரு நெடுக்கு குறிக்கும் பெரிய பக்கத்துல ஒரு புள்ளி வெச்சிடுறேன். ஒரு நிமிஷம் தான் ஆகும்.

ஒரு கட்டத்துக்கு ரெண்டு பக்கமும் குறி இருந்து ரெண்டுமே அத விட பெருசுன்னா எப்படி எண்ணுறது?

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த ரெண்டு பெரிய கட்டமும் ஒரே வரிசைல, அதாவது இடது வலதுல இருந்தா, ரெண்டும் வேற வேற நம்பரா தான் இருக்கணும். நடுவுல இருக்குறத விட பெருசா ரெண்டு வேற நம்பர் வேணும்னா நடுவுல 4 வர முடியாது, அதிகபட்சம் 3. வெறும் ரெண்டு குறிதான், ஆனா மூணு கட்ட சங்கிலி குடுக்குற அளவுக்கு துப்பு குடுக்குது.

அதே ஒண்ணு மேலயும் இன்னொண்ணு வலது பக்கமும் இருந்தா அது ரெண்டும் ஒரே வரிசையும் இல்ல ஒரே நெடுக்கும் இல்ல, ரெண்டுமே 5ஆ இருந்தாலும் தப்பில்ல. அப்ப நடு கட்டம் 4 வரைக்கும் போகலாம். தலைகீழா பாத்தாலும் இதே தான், இடதும் வலதும் தன்னை விட சின்னதா இருக்குற கட்டம் கொறஞ்சது 3.

கிளை பிரியுற சங்கிலிலயும் இத ஞாபகம் வெச்சுக்கணும். ஒரு கட்டத்துலேருந்து ரெண்டு கிளை இறங்குது, ஒண்ணுல ரெண்டு படி, இன்னொண்ணுல ஒரு படின்னா, மொத்தம் மூணுன்னு கூட்டக்கூடாது, நீளமான கிளைய மட்டும் எடுத்துக்கணும். ஒரே கோட்டுல இருக்குற கட்டங்கள மட்டும் தான் சேத்து எண்ணலாம். அவசரத்துல எல்லாத்தையும் கூட்டிட்டா இருக்குறதுக்கு மேல இறுக்கி, சரியான நம்பரையே அடிச்சிடுவோம்.

எல்லா கட்டத்துலயும் 1 2 3 4 5 எழுதிட்டு ஒண்ணொண்ணா அடிக்கிறது தான் சரியான வழியா?

கம்ப்யூட்டர்ல போட்டா பரவால்ல, ஒரு பட்டன் அமுக்குனா நெரம்பிடும். பேப்பர்ல அப்படி பண்ணா கட்டம் கருப்பாகி எது முக்கியம்னு தெரியாம போயிடும். நான் மூணோ அதுக்கு கம்மியாவோ வாய்ப்பு இருக்குற கட்டத்துல மட்டும் தான் பென்சில் நம்பர் எழுதுவேன், குறி எதுவும் தொடாத கட்டம் காலியாவே கெடக்கட்டும், அதோட முறை வரும்போது தானா மூணுக்கு வந்துடும்.

பென்சில் நம்பர அடிக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சா பாதி வேலை மிச்சம். குறிக்கு ஓரம் மட்டும் தான் முக்கியம். இப்ப அ > ஆன்னு ரெண்டு கட்டம், ஆல 2 3 4 எழுதியிருக்கு, அல 3 4 5. ஆலேருந்து நடுவுல இருக்குற 3 போயிடுச்சுன்னு வைங்க, அக்கு ஒண்ணும் ஆகாது, ஆ இன்னும் 2ஆ இருக்கலாம், அதனால அ 3ஆ இருக்கலாம். ஆனா ஆலேருந்து 2 போச்சுன்னா அதோட கொறஞ்ச நம்பர் 3 ஆகுது, அதனால அலேருந்து 3 போயே ஆகணும். அதே மாதிரி அலேருந்து 5 போச்சுன்னா ஆலேருந்து 4 போகும். சின்ன கட்டத்தோட அடி ஏறுனா பெரிய கட்டத்தோட அடி ஏறும், பெரிய கட்டத்தோட உச்சி எறங்குனா சின்ன கட்டத்தோட உச்சி எறங்கும், வேற எந்த மாற்றத்துக்கும் குறி அசையாது. அதனால ஒரு நம்பர அடிச்சதும் அது ஓர நம்பரான்னு பாருங்க, ஓரம்னா சங்கிலி பூரா தள்ளிட்டு போங்க, நடுன்னா வரிசையயும் நெடுக்கையும் மட்டும் பாத்தா போதும்.

ஒரு புதிர ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் போட்டு காட்ட முடியுமா?

இதுக்குன்னே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். ஒரே ஒரு நம்பர், எட்டு குறி, அவ்ளோ தான், விடை ஒண்ணே ஒண்ணு. 4-3ன்னு சொன்னா நாலாவது வரிசைல மூணாவது கட்டம்னு அர்த்தம், வரிசை மேலேருந்து, கட்டம் இடதுலேருந்து. மொதல்ல நீங்களே ஒரு தாள்ல வரைஞ்சுக்குங்க.

```
.   .   .   .   .
^
.   .   .   .   .
            ^
.   .   .   .   5
        v
.   .   . > . > .
v
.   . < . < .   .
```

நீளமான சங்கிலிய தேடுவோம். நாலாவது வரிசைல 4-3 > 4-4 > 4-5, மூணு கட்டம் கண்ணுக்கு உடனே தெரியுது. 4-3க்கு மேல ஒரு v இருக்கு, அதாவது 3-3 அத விட பெருசு. சங்கிலி மேலேருந்து இறங்கி வலது பக்கம் திரும்புது, மொத்தம் நாலு கட்டம். உச்சி 3-3, அது 4 இல்லனா 5. ஆனா மூணாவது வரிசைல தான் குடுத்த 5 உக்காந்திருக்கு, 3-5ல. அதனால 3-3ல 5 வராது, 4 தான். உச்சி எறங்கிடுச்சு, மொத்த சங்கிலியும் விழுது, 4-3 = 3, 4-4 = 2, 4-5 = 1. குடுத்த ஒத்த நம்பர் நாலு நம்பர கொண்டு வந்துடுச்சு.

அடுத்தது 2-4க்கும் 3-4க்கும் நடுவுல இருக்குற ^, மேல இருக்குற 2-4 சின்னது. 3-4ல என்ன வரலாம்? அந்த வரிசைல 4ம் 5ம் போயாச்சு, மிச்சம் 1 2 3. நெடுக்குல 2 இருக்கு, அதனால 1 இல்லனா 3. இன்னொரு கட்டத்த விட பெருசா இருக்க வேண்டிய கட்டம் 1ஆ இருக்க முடியாது, அதனால 3. அப்ப 2-4 மூணை விட சின்னது, 2 அந்த நெடுக்குல போயாச்சு, 1 தான். இப்ப இப்படி இருக்கு:

```
. . . . .
. . . 1 .
. . 4 3 5
. . 3 2 1
. . . . .
```

இப்ப அஞ்சாவது வரிசைக்கு வாங்க, 5-2 < 5-3 < 5-4. மூணு கட்ட சங்கிலி, நடுவுல இருக்குற 5-3க்கு 2 3 4 தான் வரலாம். அந்த நெடுக்குல 4ம் 3ம் ஏற்கனவே இருக்கு, மிச்சம் 2 மட்டும். 5-3 = 2, அத விட சின்னதா 5-2 = 1. சங்கிலிய தனியா பாத்தா மூணு வாய்ப்பு, நெடுக்க தனியா பாத்தாலும் மூணு வாய்ப்பு (1 2 5), ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஒண்ணு தான் பொருந்துது. ஃபுடோஷிகில அதிகமா நடக்குறது இது தான்.

மூணாவது நெடுக்குல இன்னும் 1ம் 5ம் பாக்கி, 1-3க்கும் 2-3க்கும். ரெண்டாவது வரிசைல 1 ஏற்கனவே இருக்கு, அதனால 2-3 = 5, 1-3 = 1. மூணாவது வரிசைல பாக்கி 1ம் 2ம், ரெண்டாவது நெடுக்குல இப்ப தான் 1 போட்டோம், அதனால 3-2 = 2, 3-1 = 1.

```
. . 1 . .
. . 5 1 .
1 2 4 3 5
. . 3 2 1
. 1 2 . .
```

பாதிக்கு மேல வந்தாச்சு. இங்கேருந்து பென்சில் நம்பர் வேணும். அஞ்சாவது வரிசைல 3 4 5 பாக்கி. 5-1க்கு மேல v இருக்கு, 4-1 அத விட பெருசு, அதனால 5-1ல 5 வராது, 3 இல்லனா 4. 5-5ல பாத்தா அந்த நெடுக்குல 5 இருக்கு, அதுவும் 3 இல்லனா 4. ரெண்டு கட்டம் ரெண்டு நம்பர தங்களுக்குள்ள பிரிச்சுக்குது, அப்ப மூணாவதுக்கு வேற வழி இல்ல, 5-4 = 5. நாலாவது நெடுக்குல மிச்சம் இருந்தது 4, அது 1-4க்கு.

கடைசி குறி 1-1க்கும் 2-1க்கும் நடுவுல, ^, அதாவது 2-1 பெருசு. மொத நெடுக்குல 1 ஏற்கனவே 3-1ல இருக்கு, அதனால 1-1 கொறஞ்சது 2, அப்ப 2-1 கொறஞ்சது 3. ரெண்டாவது வரிசைல பாக்கி 2 3 4, அதனால 2-1ல 3 இல்லனா 4. 2-2 இருக்குற நெடுக்குல 1ம் 2ம் போயாச்சு, அதுவும் 3 இல்லனா 4. மறுபடி ஜோடி, 2-5 = 2. இதுக்கப்புறம் சரசரன்னு போகும்: 1-5ல 3 (4 அந்த வரிசைல இருக்கு), 5-5ல 4, 5-1ல 3, 2-1ல 4, 2-2ல 3, 4-1ல 5, 4-2ல 4. மொத வரிசைல 2ம் 5ம் பாக்கி, 1-1 நாலை விட சின்னது, அதனால 2, பக்கத்துல 5.

```
2 5 1 4 3
4 3 5 1 2
1 2 4 3 5
5 4 3 2 1
3 1 2 5 4
```

எட்டு குறியையும் ஒரு தடவ சரி பாத்துக்குங்க. எந்த எடத்துலயும் யூகம் பண்ணல, ஒவ்வொரு நம்பருக்கும் வேற எதுவும் முடியாதுங்குறது தான் காரணம்.

சங்கிலி எல்லாம் தள்ளி முடிச்சாச்சு, ஜோடியும் இல்ல, ஒண்ணும் நகரலன்னா?

கட்டத்த பாக்குறத நிறுத்திட்டு நம்பர பாருங்க, அதுவும் 5ஐயும் 1ஐயும் மட்டும். எந்த குறிலயாவது சின்ன பக்கம் நிக்குற கட்டத்துல 5 வரவே முடியாது. பெரிய பக்கம் நிக்குற கட்டத்துல 1 வரவே முடியாது. அதனால ஒரு வரிசைய எடுத்துக்கிட்டு "5 இங்க எங்க உக்காரும்"னு கேட்டா பல கட்டம் ஒரே பார்வைல போயிடும்.

மேல போட்ட புதிர்லயே பாருங்க, கடைசி வரிசைல 5 எங்க வரும்? 5-1 தனக்கு மேல இருக்குறத விட சின்னது, வராது. 5-2ம் 5-3ம் குறியோட சின்ன பக்கம், வராது. 5-5 இருக்குற நெடுக்குல குடுத்த 5 இருக்கு, வராது. அப்ப 5-4ல தான் வந்தாகணும். நான் அத பாதி புதிர் முடிஞ்சப்புறம் ஜோடி வெச்சு கண்டுபிடிச்சேன், ஆனா ஒரு நம்பர் கூட எழுதுறதுக்கு முன்னாடி மொத நிமிஷத்துலயே அத போட்டிருக்கலாம். சங்கிலின்னு பாத்தா 5-4ல 3 4 5ன்னு மூணு வாய்ப்பு தெரியும், நம்பர்னு பாத்தா ஒரே வாய்ப்பு. கட்டத்துக்கு என்ன வரும்னு கேக்குறதும், நம்பருக்கு எடம் எங்கன்னு கேக்குறதும் ரெண்டு தனி கேள்வி, ஒண்ணுல சிக்குனா இன்னொண்ணுக்கு மாறணும்.

5ஐயும் 1ஐயும் போட்டு முடிச்ச வரிசைல 4ம் 2ம் அதே மாதிரி இறுகும். இதுக்கு ஒரு கண்ணாடி கொணம் இருக்கு, எல்லா நம்பரையும் 6லேருந்து கழிச்சு எல்லா குறியையும் திருப்பி போட்டா அதுவும் சரியான புதிர் தான். அதனால 5ஐ பத்தி நீங்க கண்டுபிடிக்கிற எந்த வாதத்துக்கும் 1க்கு ஒரு ஜோடி வாதம் இருக்கும். நம்ம மனசு பெருசு பக்கம் தான் சாயும், 5ஐ தேடிட்டு 1ஐ மறந்துடுவோம், மாட்டிக்கிட்டப்ப அத தனியா தேடிப்பாருங்க.

கடைசில ரெண்டு வாய்ப்புல ஒண்ண போட்டு பாக்கலாமா, அது தப்பான வழியா?

தப்பு இல்ல, ஆனா எந்த கட்டத்துல எந்த நம்பர போடுறோம்ங்குறது முக்கியம். கண்ணுக்கு பட்ட ரெண்டு வாய்ப்பு கட்டத்துல எதையாவது போட்டா பாதி நேரம் ஒண்ணும் தெரியாம கட்டம் நெரம்பிட்டே போகும், அப்புறம் பத்து நம்பர் தாண்டி முட்டும்போது எங்க ஆரம்பிச்சோம்னு மறந்துடும்.

சங்கிலியோட உச்சியையோ அடியையோ எடுங்க, அதுலயும் சங்கிலிய தள்ளுற நம்பர போடுங்க. உச்சி 4 இல்லனா 5ன்னு இருந்தா 4ஐ போட்டு பாருங்க, ஏன்னா 4 போட்டா கீழ எல்லாம் உடனே விழும், தப்பா இருந்தா சீக்கிரமா முட்டும். முட்டுச்சுன்னா அந்த உச்சி 5ன்னு உறுதியா தெரிஞ்சிடும், அத பேனாவுல எழுதலாம். மொதல்லயே 5ஐ போட்டிருந்தா அது எதையும் தள்ளாது, சரியா தப்பான்னு தெரியாமயே நிக்கும். முட்டலன்னா 4 சரின்னு அர்த்தம் இல்ல, இன்னும் முட்டலன்னு மட்டும் தான், அதனால போட்டு பாக்குற நம்பர எல்லாம் வேற கலர்ல இல்லனா லேசா எழுதுங்க.

7க்கு 7, 9க்கு 9 போட போனா சங்கிலி ஒண்ணுமே குடுக்க மாட்டேங்குது, ஏன்?

கணக்கு நேரடியானது. கட்டத்தோட அளவுலேருந்து சங்கிலி நீளத்த கழிச்சு ஒண்ணு கூட்டுனா ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தன வாய்ப்பு மிச்சம்னு வரும். 5க்கு 5ல நாலு கட்ட சங்கிலின்னா ரெண்டு வாய்ப்பு, 7க்கு 7ல அதே சங்கிலிக்கு நாலு வாய்ப்பு, 9க்கு 9ல ஆறு. அதே நாலு கட்டம், அதே மூணு குறி, ஆனா பிடி தளர்ந்துடுச்சு. அதனால பெருசுல ஆரம்பத்துல சங்கிலிய எண்ணி எல்லா கட்டத்துலயும் ஆறு ஆறு நம்பர் எழுதுறதுல அர்த்தம் இல்ல. அங்க குடுத்த நம்பர் கொஞ்சம் அதிகமா இருக்கும், அதுலேருந்து வரிசை நெடுக்கு வெச்சு அடிச்சுட்டு வந்து, சங்கிலியோட முனைய தொடும்போது மட்டும் தள்ளணும். உச்சி நம்பருக்கும் 1க்கும் எடம் தேடுற முறை பெருசுலயும் நல்லா வேலை செய்யும், 9க்கு 9ல நான் அதுல தான் ஆரம்பிப்பேன்.

பழக ஆசப்படுறவங்க சைமன் டாதமோட இலவச புதிர் தொகுப்புல `Unequal`ங்குற பேர்ல இத தேடுங்க, அளவும் கஷ்டமும் நாமளே வெச்சுக்கலாம், `M` அமுக்குனா காலி கட்டம் எல்லாத்துலயும் பென்சில் நம்பர் வந்துடும். 4க்கு 4ல ஆரம்பிச்சு சங்கிலி எண்ணுறது கைக்கு வந்தப்புறம் 5க்கு போங்க, அங்கேருந்து 6.

எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு எப்படி தெரிஞ்சுக்குறது? முழுசா அழிக்கணுமா?

ரெண்டு அறிகுறி இருக்கு. ஒரு கட்டத்துல பென்சில் நம்பர் ஒண்ணு கூட மிச்சம் இல்லாம போறது ஒண்ணு, அது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு, ஒரு வரிசைல ஏதாவது ஒரு நம்பருக்கு எடமே இல்லாம போறது, கட்டத்துல எல்லாம் ரெண்டு ரெண்டு நம்பர் இருக்கும், பாக்க நல்லா இருக்கும், ஆனா 4 எங்கயும் இருக்காது. இத சீக்கிரம் கவனிச்சா ரெண்டு மூணு நம்பரோட திரும்பிடலாம்.

அழிக்கிறதுக்கு முன்னாடி குறிய மட்டும் ஒரு சுத்து படிங்க. ஒவ்வொரு குறியா எடுத்து ரெண்டு பக்கமும் இருக்குற நம்பர் சரியா இருக்கான்னு பாருங்க, எட்டு பத்து குறி தான், அர நிமிஷம் ஆகாது. குறி ஒண்ணு ஒத்து வரலன்னா அத தொட்டு போட்ட நம்பர்லேருந்து தான் பிரச்சன, அதுக்கு முன்னாடி போட்டது நல்லா இருக்கும். எல்லா குறியும் சரியா இருந்து வரிசையோ நெடுக்கோ மட்டும் இடிச்சா, அது பெரும்பாலும் சங்கிலி எண்ணுனதுல வந்த தப்பு, கிளைய கூட்டி எண்ணியிருப்போம், இல்ல வேற வேற கோட்டுல இருக்குற ரெண்டு கட்டம் ஒரே நம்பரா இருக்கக்கூடாதுன்னு நெனச்சிருப்போம். அப்ப சங்கிலி முனைகளோட பென்சில் நம்பர மட்டும் திரும்ப எண்ணி எழுதுங்க. குடுத்த நம்பரும் நேரா சங்கிலிலேருந்து விழுந்த நம்பரும் நின்னுடும், ஜோடி வெச்சு போட்டத மட்டும் அழிச்சா பெரும்பாலும் போதும்.